மூக்கும் முழியும்

டச்சிங் அக்காவுக்கு மூக்குமேல் கோபம் என்று எங்கள் ஸ்டுடியோவில் சொல்வார்கள். அது தப்பு. மூக்குமேல் வருகிற கோபம் வந்த வேகத்திலேயே இறங்கிவிடும். அக்காவுடையது உள்ளே உட்கார்ந்து, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்பு தேறி வளர்ந்த கோபம். கூடவே வேலை பார்த்தவள் சொல்கிறேன், நம்பலாம்.

நான் முன்பக்கக் கவுண்டரில் இருப்பேன். வருகிறவர்களுக்கு நாற்காலி காட்டுவது, சீட்டுக் கிழிப்பது, "நாளைக்கு ரெடியாயிடும்" என்று கூசாமல் பொய் சொல்வது எல்லாம் என் வேலை. என் முதுகுக்குப் பின்னால் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் ஜன்னலை அட்டை வைத்து அடைத்த சின்ன அறை. அங்கே கம்ப்யூட்டர் முன்னால் அக்கா. கையில் மையில்லாத பேனா, மடியில் அதை வைத்து எழுதும் பலகை. மூடிய கண்ணைத் திறப்பாள், முன்நெற்றியில் முடி நடுவாள், தொப்பையைக் கரைப்பாள். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பியைத் தனித்தனியாகப் படம் எடுத்து வந்து கொடுத்தால், ஒரே சோபாவில் தோளில் கை போட்டு உட்கார வைத்துவிடுவாள். அவள் டச் பண்ணாத முகம் எங்கள் ஊரில் குறைவு. அதனால்தான் டச்சிங் அக்கா.

அவள் மூக்கில் மட்டும் ஒன்றும் கிடையாது. இடது பக்கத்தில் ஒரு புள்ளி, பேனா முனை பட்ட மாதிரி. முதல் மாதமே கேட்டேன். நான் கேட்காமல் விடுகிற ஆள் இல்லை.

"குத்தி இருந்திச்சு. கழட்டிட்டாங்க," என்றாள்.

"யாரு?"

"மாமியார்."

மீதியை ஒரு வாரம் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்துத்தான் கறக்க முடிந்தது. கல்யாணமானதும் மாமியார் தன்னுடைய ஒற்றைக்கல் மூக்குத்தியைப் போட்டுவிட்டார். தங்க விளிம்புக்குள் ஒரு வைரம், நான்கு மூலையிலும் கல்லைப் பிடிக்கும் சின்னக் கொம்புகள், பின்னால் திருகு. போட்டுவிட்ட நாளிலிருந்தே அந்த அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. "சப்ப மூக்கு. இதுக்குப் போய் என் மூக்குத்தி" என்பது தினப்படிப் பாட்டு. அக்கா வேலைக்குப் போகிறேன் என்று நின்றபோது சண்டை முற்றியது. கடைசியில் ஹாலில், சொந்தக்காரர்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க, "போறவ எங்க பொருளைக் கழட்டிக் குடுத்துட்டுப் போ" என்றாராம். திருகு இறுகிக் கிடந்தது. அக்கா கண்ணாடி கேட்டாள். யாரும் தரவில்லை. தடவித் தடவித் திருகிக் கழட்டினாள். ரத்தம் வந்தது. அன்றைக்கு வெளியே வந்தவள்தான், பிறகு விவாகரத்தும் ஆகிவிட்டது.

"உன் வீட்டுக்காரர் என்ன பண்ணார்?"

"நின்னாரு."

அதற்கு மேல் அந்த மனுஷனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டக்கூட இல்லை. வசவுகள் மொத்தமும் மாமியாருக்கு ஒதுக்கப்பட்டிருந்தன.

அக்காவின் கைக்குப் பெரிய பெரிய இடங்களில் கூப்பிட்டார்கள். ஏசி அறை, இரட்டைச் சம்பளம். போகவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இந்தப் பொந்துல என்னக்கா இருக்கு?" என்று ஒரு நாள் கத்தினேன்.

"அவங்க குடும்பத்துக்கு இதுதான் வழக்கமான கடை. எங்க கல்யாணப் போட்டோவும் இங்கதான் எடுத்தாங்க," என்றாள், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு நாள் வருவாங்க."

வந்தால் என்ன செய்வாள் என்று அவளுக்கும் தெரியாது. ஆனாலும் காத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனால் உள்ளுக்குள் ஆசையாகவும் இருந்தது. அந்த அம்மா வரவேண்டும், நான் கவுண்டரில் இருக்கும்போது வரவேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

வந்தார். மகனும் புது மருமகளும் ஜோடியாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு போன மறுநாள், அந்த அம்மா மட்டும் தனியாக வந்தார். கைப்பையைத் திறந்து, சின்னப் பெட்டியைத் திறந்து, பஞ்சைப் பிரித்து, மூக்குத்தியைக் கவுண்டரில் வைத்தார். நான்கு கொம்பு, ஒரு கல். எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.

"ஏம்மா, என் மருமக போட்டோவுல இதைப் போட்டுடணும். ஹால்ல பெருசா மாட்டப் போறோம்."

"அவங்க போட்டுக்க மாட்டாங்களாம்மா?"

"குத்திக்க மாட்டேங்கிறா. வலிக்குமாம். பிடிக்கலையாம். இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு எதுதான் பிடிக்குது? நீங்க போட்டோவுல குத்திடுங்க. பாத்தா ஆசை வந்து தானா குத்திக்குவா."

முதலாளிக்கும் எல்லாம் தெரியும். என்னைப் பார்த்து, வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்பது போல முழித்தார். பிறகு அவசரமாக மூக்குத்தியை ஒரு களிமண் உருண்டையில் குத்தி நிறுத்தி, ஜோடி உட்கார்ந்த அதே இடத்தில், அதே விளக்கில் நெருக்கமாகப் படம் எடுத்தார். அந்த அம்மா கண் கொட்டாமல் பக்கத்திலேயே நின்று, எடுத்து முடித்ததும் பறித்துப் பஞ்சில் வைத்துக்கொண்டு போனார்.

நான் உள்ளே போனபோது அக்காவின் கம்ப்யூட்டர் திரை முழுக்க அந்த மூக்குத்தி தட்டு அகலத்துக்கு நின்றது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த அம்மாவைத் துரத்திக்கொண்டு ஓடிப் போய் அறைய வேண்டும் போலிருந்தது.

"செய்ய மாட்டேன்னு சொல்லிடு அக்கா."

"ஏன் சொல்லணும்? நல்லாவே செய்வேன்."

செய்தாள். புது மருமகள் அழகி, நல்ல எடுப்பான மூக்கு. அக்கா முதலில் அவள் கண்ணைத்தான் அளந்தாள். பெரியவர்கள் யாரானாலும் கருவிழியின் அகலம் ஏறக்குறைய ஒன்றுதான், பதினொன்று பன்னிரண்டு மில்லிமீட்டர். மூக்குத்தி நான்கு மில்லிமீட்டர் இருக்கும். ஆக, கருவிழியில் மூன்றில் ஒரு பங்குதான் மூக்குத்தி. அதற்கு மேல் போனால் மூக்கில் சட்டைப் பித்தான் தைத்த மாதிரி இருக்கும். முதலாளி எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் பெருசா வைம்மா, அந்தம்மாவுக்குத் தெரியணும்ல" என்றார். "உங்க மூக்குல வேணா பெருசா வைக்கிறேன்" என்று அக்கா அவரை அனுப்பிவிட்டாள்.

அடுத்தது சாய்வு. அந்தப் பெண் முகத்தை லேசாகத் திருப்பியிருந்தாள், மூக்கின் சரிவும் சேர்ந்தது. அதனால் வட்டத்தை நசுக்கி முட்டை வடிவமாக்கினாள். பிறகு மினுக்கம். கண்ணுக்குள் விளக்கின் வெள்ளைச் சதுரம் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறதோ, அந்தப் பக்கத்தில்தான் விளிம்பும் மின்ன வேண்டும். தங்கத்தின் மினுக்கம் வெறும் வெள்ளை இல்லை. நடுவில் ஒரு துளி வெள்ளை, சுற்றி மஞ்சள், எதிர்ப்பக்க விளிம்பு கிட்டத்தட்ட காப்பிப்பொடி நிறம். நான்கு கொம்பில் விளக்கைப் பார்த்த இரண்டுக்குத்தான் புள்ளி வைத்தாள். மற்ற இரண்டை இருட்டில் விட்டாள். கடைசியாக மொத்தத்தையும் கொஞ்சம் மங்க வைத்தாள். இமை முடியைவிட மூக்குத்தி துல்லியமாகத் தெரிந்தால் குட்டு உடைந்துவிடும்.

எனக்கு நிஜம் போலவே இருந்தது. அந்த அம்மா வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஒட்டுப்பொட்டு வெச்ச மாதிரி இருக்கு."

"அதே மூக்குத்திதாம்மா," என்றேன்.

"மூக்குத்தி அதேதான். மூக்கு குத்தின மூக்கா இல்லையே. குத்தின மூக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? உள்ள இருக்கிறவங்களுக்கு வேலை தெரியலைன்னா சொல்லுங்க, வேற கடை பாக்குறேன்."

உள்ளே இருக்கிறவள் திரையோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது. அவளோ உள்ளே போய்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "அந்தம்மா சொல்றது சரிதான்டி" என்றாள். மூக்குத்தி போட்டால் திருகு தோலை உள்ளே இழுக்கும், அப்போது சுற்றியுள்ள தோல் மெல்ல எழும்பும். மெத்தையில் பொத்தான் வைத்துத் தைத்தால் அந்த இடம் அமுங்கிச் சுற்றி உப்புமே, அப்படி. அக்கா, தோலை இழுத்து வளைக்கும் கம்ப்யூட்டர் கருவியால் கொஞ்சம் எழுப்பிப் பார்த்தாள், மேட்டில் வெளிச்சமும் பள்ளத்தில் நிழலும் தடவிப் பார்த்தாள். அழுத்தினால் கட்டி மாதிரி ஆகிறது, விட்டால் தட்டையாகிறது. புதுப்பெண்ணின் மூக்கு அதுவரை ஊசியையே பார்த்திராத மூக்கு.

"இதே மூக்குத்தி போட்ட நிஜ மூக்கு ஒண்ணு வேணும். இதே கோணத்துல, இதே வெளிச்சத்துல," என்று முனகினாள். முனகியவள் அப்படியே நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எனக்கும் அதே நொடியில் உறைத்தது.

முதலாளி எந்தப் படத்தையும் அழிக்கிறவர் இல்லை. அதைவிட முக்கியம், சோம்பேறி. ஜோடி வந்தால் அதே நாற்காலி, அதே விளக்கு, "முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்கிற அதே வசனம். பழைய டிஸ்கில், கல்யாணமாகி ஒரு மாதம் கழித்து எடுத்த அக்காவின் கல்யாண ஜோடிப் படம் அப்படியே இருந்தது. திறந்தபோது நான் அதிர்ந்துவிட்டேன். அதே புருஷன், அதே அசட்டுச் சிரிப்பு. பக்கத்தில் மட்டும் வேறு முகம், சின்ன வயசு அக்கா. இடது மூக்கில் அதே ஒற்றைக்கல்.

அதற்கு மேலே ஒரு மேடும் இருந்தது, மிளகு அளவுக்கு. மாமியார் திருகை இறுக்கியதில் புண்ணாகி எழும்பிய மேடு. "மூக்குல கொப்புளம் வளக்கிறா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாராம் அந்த அம்மா. மூக்குத்தியைக் கழட்டிய பிறகுதான் அது வற்றியது. அன்றைய டச்சிங்காரர் அதைக்கூட எடுக்காமல் விட்டிருக்கிறார், புண்ணியவான்.

அக்கா தன் மூக்கை வெட்டி எடுத்தாள். மூக்குத்தியும் அதைச் சுற்றியுள்ள தோலும், மூக்குச் சிறகின் வளைவும் சேர்த்து. பழைய கேமராவின் படம் சின்னது, அதனால் இரண்டு கருவிழிகளையும் ஒன்றுக்கொன்று சரியாக்கி அந்த அளவுக்குப் பெரிதாக்கினாள். அக்காவின் நிறம் ஒரு படி அதிகம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பெண்ணின் நிறத்துக்கு இறக்கினாள். பழைய படத்தின் புள்ளிகளை வழித்துவிட்டுப் புதுப் படத்தின் மணல் போன்ற பொடிப்புள்ளிகளைத் தூவினாள். ஓரங்களைக் கன்னத்தோடு கரைத்தாள். பெரிதாக்கியதில் மழுங்கிப்போன கொம்புகளுக்குக் களிமண் படத்திலிருந்து மினுக்கம் எடுத்து வைத்தாள். மூக்குத்தியின் தங்கம் பக்கத்துத் தோலில் லேசாக மஞ்சள் தட்டும், அதையும் விடவில்லை.

மேட்டை மட்டும் அவள் தொடவில்லை.

"இதை எடுத்துடேன் அக்கா."

"அதுதான்டி குத்தின மூக்கு. அவங்க கேட்டது அதைத்தானே."

புருஷன் முகத்தையும் தொடவில்லை. தாடைப் பரு தாடையிலேயே இருந்தது.

அந்த அம்மா வந்து படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழட்டித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முகமெல்லாம் பல். "இப்ப பாரு, மூக்கும் முழியுமா எப்படி ஜொலிக்கிறா! மூக்குன்னா இது மூக்கு!" என்றார். நான் கவுண்டருக்குக் கீழே குனிந்து, இல்லாத பேனாவைத் தேடினேன். சிரிப்பை அடக்கியதில் விலா வலித்தது. கூட வந்திருந்த மகன் மட்டும் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு திரைப்பக்கம் ஒரு தரம் பார்த்தார். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு அக்கா எனக்குக் கடையில் சாப்பாடு வாங்கிக் கொடுத்தாள். அவளை அவ்வளவு குஷியாக நான் பார்த்ததே இல்லை.

"போய்ச் சொல்லிட்டு வா அக்கா. மூக்கறுத்துட்டு வா."

"சொன்னா ஒரே நாள்ல முடிஞ்சிடும். படத்தைக் கழட்டிக் கிணத்துல போட்டுடுவாங்க. சொல்லாம இருந்தா? அந்த ஹால்ல தினமும் என் மூக்கு தொங்கும். அவங்க அதைப் பாத்துப் பாத்துப் பூரிச்சுப் போவாங்க. சாகுற வரைக்கும் பூரிக்கட்டும். எனக்கு அது போதும்."

எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஆனாலும் யோசித்தால் அவள் சொன்னதுதான் ருசியாக இருந்தது. நேரம் போகாத மதியங்களில், இந்நேரம் அந்த அம்மா என்ன சொல்லிப் புகழ்ந்துகொண்டிருப்பார் என்று நாங்கள் இருவரும் நடித்துப் பார்த்துச் சிரிப்போம். அந்தப் புதுப்பெண்ணைப் பற்றி நாங்கள் நினைக்கவே இல்லை. அவள் எங்களுக்கு ஒரு முகம், மூக்கை ஒட்ட ஒரு இடம், அவ்வளவுதான்.

அந்த முகம் ஒரு நாள் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றது. தனியாக வந்திருந்தாள். கோபத்தில் மூச்சு வாங்கியது.

"என் படத்துக்கு யார் வேலை பாத்தது?"

"ஏங்க, ஏதாவது குறையா?"

"குறையெல்லாம் இல்ல. என் மூக்கு எனக்குத் தெரியாதா? மூக்குத்திக்கு மேல ஒரு மேடு இருக்கு, எனக்கு அது கிடையாது. மூக்கோட ஓரம் என்னோடது இல்ல. யாரோட மூக்கு அது?"

நான் திணறினேன். திரை விலகியது. அக்கா வெளியே வந்து நின்றாள். "என்னோடது," என்றாள்.

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். மூக்கில் இருந்த புள்ளியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. புத்திசாலி.

"நீங்கதானா?" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "உங்களைப் பத்தி அந்த வீட்டுல யாரும் பேசவே மாட்டாங்க. ஆனா உங்க மூக்கை வெச்சு என்னைக் கொல்றாங்க அக்கா. காலையில காப்பி குடிக்கும்போது ஆரம்பிப்பாங்க. பாரு, குத்தினா இப்படி இருப்பே. பாரு, அந்த மூக்கைப் பாரு. எனக்குப் பிடிக்கலைன்னா விட மாட்டேங்கிறாங்க. ஞாயித்துக்கிழமை குத்துறவரை வீட்டுக்கே வரச் சொல்லிட்டாங்க. சொந்தக்காரங்க முன்னாடி மாட்டேன்னு சொல்ல மாட்டேன்னு அவங்களுக்கு ஒரு நெனப்பு."

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?" என்று நான் கேட்டேன்.

"ஒரு நாள்தானே, பொறுத்துக்கோங்கிறாரு."

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று இருந்தது, வெட்கம். "நான் அந்தம்மாவைக் குத்தணும்னு நெனச்சேன். அந்தம்மா அதை வெச்சு உன்னைக் குத்தப் பாக்குது," என்றாள்.

அந்தப் பெண் போன பிறகு அக்கா ரொம்ப நேரம் வேலையே செய்யவில்லை. சொல்லாமல் இருந்தால் அந்த மூக்கு சுவரில் அவள் ஆசைப்பட்டபடி இருக்கும், ஆனால் ஒரு பெண்ணின் மூக்கில் ஊசி இறங்கும். சொன்னால் படம் போகும், இத்தனை வருஷம் பொந்துக்குள் உட்கார்ந்து சம்பாதித்த ஒரே சந்தோஷமும் அதோடு போகும். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அந்தம்மா அந்தப் படத்துல சின்னதா இன்னொரு காப்பி கேட்டிருந்தாங்களே, அவங்க தங்கச்சிக்குக் குடுக்கணும்னு. ரெடியா?" என்றாள் கடைசியில்.

"ரெடி. நான் கொண்டு போய்க் குடுக்கணும்."

"ஞாயித்துக்கிழமை குடு. நானும் வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை நான் நல்ல புடவை கட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருந்தது எனக்கு.

ஹாலில் சொந்தக்காரர்கள் சோபா கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்கள். குத்துகிற ஆள் பெட்டியைத் திறந்து, ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் புதுப்பெண் விறைத்துப் போய் உட்கார்ந்திருந்தாள். புருஷன் ஜன்னலோரம் நின்றார். நிற்பதில் அந்த மனுஷனை அடிச்சுக்க ஆள் இல்லை. சுவரில் பெரிய சட்டத்துக்குள் படம். அதன் கீழே அந்த அம்மா, கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"நீங்களே சொல்லுங்க. மூக்கும் முழியுமா எப்படி இருக்கா! இந்த மூக்கை வெச்சுக்கிட்டு மாட்டேங்கிறாளே!"

நான் பொட்டலத்தோடு வாசற்படியில் நின்றேன். அக்கா என்னைத் தாண்டி உள்ளே போனாள்.

"முழி அவளோடது அத்தை. மூக்கு என்னோடது."

அந்த அம்மாவின் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அன்றைக்கு இதே ஹாலில் வேடிக்கை பார்த்தவர்கள். அவர்களுக்கு அக்காவைத் தெரிந்துவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ... நீ எதுக்குடி இங்க வந்தே?"

"அந்தக் கடையில டச்சிங் பாக்குறது நான்தான். வேலை தெரியாதவன்னு சொன்னீங்களே, நானேதான். குத்தின மூக்குதான் வேணும்னீங்க. என் கல்யாணப் போட்டோவுல இருந்து என் மூக்கை எடுத்து வெச்சேன். உங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருந்திச்சு."

"பொய்! புளுகுறா!"

"மூக்குத்திக்கு மேல பாருங்க. ஒரு மேடு தெரியுதா? கொப்புளம்னு பேர் வெச்சு ஊரெல்லாம் சொன்னீங்களே."

இதைக் கேட்டதும் சோபாவிலிருந்து எல்லாரும் எழுந்தார்கள். ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் தலை. கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்கள். எனக்கு அதைவிட ஆனந்தம் வாழ்க்கையில் கிடைத்ததில்லை. அந்த அம்மாவின் சொந்தத் தங்கையே திரும்பி, "ஆமாக்கா. அதே கொப்புளம்தான். நீதானே எனக்கு அன்னைக்குக் காட்டிக் காட்டிச் சிரிச்சே" என்றார்.

அந்த அம்மாவின் முகம் சுண்டிப்போனது. "சப்ப மூக்கு, சப்ப மூக்குன்னு சொன்ன வாயாலதான் இத்தனை நாளா புகழ்ந்தீங்க. நல்லா இருந்திச்சு கேக்கறதுக்கு," என்றாள் அக்கா. சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் சுட்டிருக்கும்.

அந்த அம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினார். "டேய், நீ சொல்லுடா. பொய்தானே? உன் பொண்டாட்டி மூக்கு உனக்குத் தெரியாதா?"

மகன் தரையைப் பார்த்தார். "கடையில பாத்த அன்னைக்கே தெரியும்மா," என்றார்.

இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தேன். அதுவரை நிமிர்ந்து நின்றவள், யாரோ பின்னால் இருந்து தள்ளிவிட்ட மாதிரி ஒரு அடி தடுமாறினாள்.

குத்துகிற ஆள் அனுபவஸ்தர். ஊசியைப் பெட்டிக்குள் போட்டு மூடி, "நான் இன்னொரு நாள் வர்றேங்க" என்று செருப்பைத் தேடினார். "படத்தைக் கழட்டு! முதல்ல அதைக் கழட்டு!" என்று அந்த அம்மா கத்தினார். புதுப்பெண் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"எதுக்கு அத்தை? மூக்கு குத்தின மருமகதானே வேணும்? அதான் சுவத்துல இருக்காங்களே. இருக்கட்டும். என் மூக்கை விட்டுடுங்க."

யாரும் படத்தில் கை வைக்கவில்லை. நான் சின்னப் பொட்டலத்தை அந்தத் தங்கச்சியின் கையில் திணித்துவிட்டு, அக்காவை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "அறுத்துட்டே அக்கா! அடியோட அறுத்துட்டே!" என்று கேட் வரைக்கும் குதித்துக்கொண்டே வந்தேன்.

பின்னால், திறந்த ஜன்னல் வழியாக அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. புருஷனிடம்தான் பேசினாள். "தெரிஞ்சுமா வாயை மூடிட்டு இருந்தீங்க? ஏன்?"

அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். வா என்று கையைப் பிடித்தேன். உதறினாள்.

"இருடி. அன்னைக்கு நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கேக்காமலே வந்துட்டேன். இத்தனை நாளும் கோபத்தையெல்லாம் அந்தக் கிழவி மேலயே கொட்டிட்டு இருந்திருக்கேன். என்னதான் பதில் சொல்றான்னு கேட்டுட்டு வர்றேன்."

வெயில் சுள்ளென்று அடித்தது. நாங்கள் நின்றோம். உள்ளே அந்தப் பெண் அதையே மறுபடியும் கேட்டாள், இன்னும் சத்தமாக. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, எங்களைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போனார்கள். அந்த மனுஷனிடமிருந்து பதில் வரவில்லை.